கார்டு தொலைந்து பிளாக் செய்தாச்சு, ஆனால் அதற்கு முன் பெண்டிங்கில் இருந்த தொகைகள் இப்போது கணக்கில் ஏறுகின்றன. யார் கட்ட வேண்டும்?

ஈரோடு_பாலா · திங்கள், மாலை 6:20

வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனுக்காகக் கோவை போயிருந்தேன். காலை 11 மணிக்கு லாட்ஜில் ரூம் போடும்போது கிரெடிட் கார்டில் 6,000 ரூபாய் பிடித்து வைத்தார்கள். மாலை காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன், நல்ல கூட்டம். மண்டபத்தில் மொய் எழுதக் கையை விட்டால் பர்ஸ் இல்லை. போனில் இரண்டு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது: 7:12க்கு 4,850, 7:19க்கு 4,900. இரண்டும் ஒரே செல்போன் கடை. உடனே ஹெல்ப்லைனுக்குப் பேசினேன். கார்டு பிளாக் ஆனதாக எஸ்எம்எஸ் வந்தது 7:46க்கு.

அப்போது ஆப்பில் எல்லாமே பெண்டிங் என்றுதான் காட்டியது. "பெண்டிங்கில் இருக்கறதுக்குப் புகார் எடுக்க முடியாது சார், கணக்குல ஏறினப்புறம் கூப்பிடுங்க" என்றார்கள். இன்று பார்த்தால் செல்போன் கடை இரண்டும் ஏறிவிட்டன. லாட்ஜ் 5,130 ஏறியிருக்கிறது. கூடவே ஒரு பெட்ரோல் பங்க் 1,340. இதற்கு எஸ்எம்எஸ்ஸே வரவில்லை. இதில் என்னை ரொம்பக் குழப்புவது, இவை எல்லாம் இன்னும் கைக்கே வராத புது கார்டு நம்பரின் கீழ் நிற்கின்றன. பிளாக் செய்த கார்டில் எப்படிப் பணம் போகும்? இது யார் தலையில் விழும்? லிமிட் ஒன்றரை லட்சம்.

தஞ்சை_குமரன் · 6:41

கவலையே படாதீங்க ப்ரோ. 7:46க்கு பிளாக் பண்ணிட்டீங்க. அதுக்கப்புறம் கணக்குல ஏறின ஒவ்வொரு ரூபாயும் வங்கி பொறுப்பு, இது ரிசர்வ் வங்கி ரூல். நாலு தொகையும் ஏறினது இன்னைக்குத்தானே? நாலையும் திருப்பித் தரச் சொல்லி மெயில் போடுங்க.

அகிலா_சேலம் · 6:55

எனக்கும் போன மாசம் இதேதான். மளிகைக் கடையில யுபிஐ பண்ணினேன், ஃபெயில்னு வந்துச்சு, காசு போயிடுச்சு. மூணு நாள்ல தானா வந்துடுச்சு. பொறுத்துப் பாருங்க அண்ணா, தானா திரும்பிடும்.

ஈரோடு_பாலா · 7:02

அகிலா, உங்களுடையது பாதியில் நின்ற பரிவர்த்தனை. இங்கே யாரோ என் கார்டைத் தட்டிப் பொருள் வாங்கிப் போய்விட்டார்கள். தானாகத் திரும்ப வராது என்று நினைக்கிறேன்.

திருப்பூர்_ஜவுளிக்கடை · 7:30

கடைக்காரன் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். நீங்க கார்டைத் தட்டினதும் எங்க மெஷின் உங்க வங்கியைக் கேட்குது, வங்கி ஓகேன்னு ஒரு அப்ரூவல் நம்பர் கொடுக்குது. சிலிப்புல அந்த ஆறு இலக்கம் இருக்கும். ஆனா காசு அப்ப எனக்கு வராது. ராத்திரி கடை சாத்தும்போது மெஷின்ல செட்டில்மென்ட் போட்டாத்தான் அன்னைக்குக் கணக்கு மொத்தமா போகும். மறந்துட்டா மறுநாள் போகும். இடையில நீங்க கார்டை பிளாக் பண்ணினாலும் எனக்குத் தெரியாது. வங்கி ஏற்கெனவே ஓகே சொன்ன காசு, பொருளும் கைமாறிடுச்சு. அதனால அது வந்து சேர்ந்துடும்.

செட்டில்மென்ட் போடறதுக்கு முன்னாடின்னா நானே அதை வாய்ட் போட்டு ரத்து பண்ணலாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்தக் கடைக்குப் போன் போட்டிருந்தா ஒருவேளை பண்ணியிருப்பாங்க. பொருளைக் கொடுத்துட்டு எந்தக் கடைக்காரரும் பண்ணுவாரான்னு உறுதியா சொல்ல முடியலை.

கார்டு_டிஸ்ப்யூட்_மீனா · 8:15

பாலா சார், ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். திருப்பூர் அண்ணா சொன்னது சரி. பிளாக் என்பது புதிதாக யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல வைப்பது. ஏற்கெனவே சொன்ன "சரி"யை அது வாபஸ் வாங்காது. கார்டு போனாலும் கணக்கு ஒன்றுதான், அதனால்தான் பழைய பெண்டிங் எல்லாம் புது நம்பருக்கு மாறித் தெரிகிறது. புது கார்டை யாரும் திருடவில்லை.

குமரன் தம்பி சொன்ன ரூல் இருக்கிறது. 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது என்று அதில் இருக்கிறது. ஆனால் "நடக்கும்" என்பது அப்ரூவல் வாங்கிய நேரம், கணக்கில் ஏறிய தேதி கிடையாது. அதனால் நாலையும் ஒரே கட்டாகக் கேட்காதீர்கள்.

லாட்ஜ் 5,130 உங்கள் செலவு. அதைப் புகாரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தான் தங்கிய ரூமையே "எனது அல்ல" என்று எழுதிய வாடிக்கையாளரின் மற்ற புகார்களையும் வங்கி சந்தேகத்தோடுதான் படிக்கும், நான் இருந்த மேஜையில் அதைப் பார்த்திருக்கிறேன். 6,000 பிடித்து 5,130 எடுத்தார்கள் என்றால் மீதி 870 லிமிட்டில் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெட்ரோல் பங்க்தான் முக்கியம். அதன் அப்ரூவல் நேரத்தை எழுத்தில் கேளுங்கள். 7:46க்குப் பிறகு என்றால் பேச்சே இல்லை, முழுதும் வங்கியுடையது. வங்கியின் சர்வர் பதில் தராத நேரத்தில் கார்டு நெட்வொர்க்கே அதன் சார்பில் ஓகே கொடுப்பதுண்டு. பிளாக் அங்கே போய்ச் சேரத் தாமதமானாலும் இப்படி ஆகும். இரண்டுமே உங்கள் தவறு அல்ல.

அப்புறம் ஒரு அவசரம். ஹெல்ப்லைனில் "ஏறின பிறகு கூப்பிடுங்க" என்றது பாதி உண்மை. கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் வேலை ஏறிய பிறகுதான் தொடங்கும். ஆனால் நீங்கள் செய்யாத தொகைகளை வங்கிக்குத் தெரிவிக்க அந்தச் சுற்றறிக்கை தரும் மூன்று வேலைநாள் கணக்கு எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து ஓடுகிறது. வந்த நாளை விட்டுவிட்டு, உங்கள் கிளையின் வேலைநாட்களை எண்ண வேண்டும். சனி இரண்டாம் சனி, ஞாயிறும் விடுமுறை, ஆக இன்று முதல் நாள், புதன் கடைசி. கார்டு தொலைந்தது என்று சொன்னது ஒரு பதிவு. இந்த இன்ன தொகைகள் நான் செய்யவில்லை என்பது இன்னொரு பதிவு. இரண்டாவதற்கு உங்களிடம் புகார் எண் இருக்கிறதா?

ஈரோடு_பாலா · 8:24

இல்லை மேடம். பிளாக் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. இப்போதே மெயில் அனுப்புகிறேன். 4,850, 4,900 இரண்டும் பிளாக்குக்கு முன்னால் போனவை. அவை என் தலையில்தானா?

கார்டு_டிஸ்ப்யூட்_மீனா · 8:50

அங்கேதான் இழுபறி. 2021 ஜனவரியிலிருந்து 5,000 வரை பின் நம்பர் இல்லாமல் தட்டினாலே போகும். எடுத்தவருக்கு அது தெரியும், தொகைகளைப் பாருங்கள். பல வங்கிகளின் கார்டு நிபந்தனைகளில் "தகவல் தரும் வரை வாடிக்கையாளர் பொறுப்பு" என்று இருக்கும், அதைக் காட்டுவார்கள். சுற்றறிக்கை வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்கு உதாரணமாகச் சொல்வது ரகசிய விவரங்களை இன்னொருவரிடம் கொடுப்பதை. பஸ் கூட்டத்தில் பர்ஸ் போனதை அப்படிச் சொல்ல முடியுமா? முடியாது என்பது என் கருத்து. உங்கள் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஆனால் எல்லா வங்கியும் இதை ஒத்துக்கொள்ளும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

மெயிலில் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக அப்ரூவல் நேரம், கார்டு எப்படிப் படிக்கப்பட்டது, பின் போடப்பட்டதா என்று கேளுங்கள். மெஷின் பதிவில் 07 என்று இருந்தால் தட்டியது, 05 என்றால் சிப்பைச் செருகியது. பின் போட்டதாகப் பதிவு இருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். பர்ஸில் பின்னை எழுதி வைத்திருந்தீர்களா?

ஈரோடு_பாலா · 8:53

சத்தியமாக இல்லை.

தஞ்சை_குமரன் · 9:10

ஏறின தேதிதான் கணக்குன்னு நினைச்சிருந்தேன் அக்கா. ஆனா ஒண்ணு, ஆப்ல தற்காலிகமா லாக் பண்ற பட்டனை அழுத்தினாலே தகவல் சொன்னதா ஆகாதா?

கார்டு_டிஸ்ப்யூட்_மீனா · 9:22

லாக் பட்டன் நல்லதுதான், அடுத்த தட்டலை அந்த நொடியே நிறுத்தும். ஆனால் வீட்டிலேயே கார்டை வைத்துக்கொண்டு லாக் செய்பவர்களும் உண்டு. கார்டு தொலைந்தது என்று அது சொல்வதில்லை. முதலில் லாக், அடுத்த நிமிடம் தொலைந்ததாகப் பதிவு என்று இரண்டையும் செய்யுங்கள்.

பாலா சார், போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கி அனுப்புங்கள். பில் தேதி வந்தால் லாட்ஜ் தொகையையும் உங்கள் மற்ற செலவுகளையும் கட்டிவிடுங்கள். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, முடிவு வரும்வரை வட்டியோ அபராதமோ போடக்கூடாது. போட்டால் அதையும் அதே புகார் எண்ணில் எழுதுங்கள்.

ஈரோடு_பாலா · புதன், காலை 10:05

புகார் எண் கிடைத்துவிட்டது. திங்கள் இரவு 9:40 மெயிலுக்கு நேற்று மதியம் பதில் வந்தது. காந்திபுரம் ஸ்டேஷனில் சிஎஸ்ஆரும் போட்டாயிற்று. எழுத்தர் பர்ஸின் நிறம், உள்ளே என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என் பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அதில் இருந்தது என்று சொல்லும்போதுதான் எனக்கே அது நினைவு வந்தது.

ஈரோடு_பாலா · பன்னிரண்டு நாள் கழித்து

நிலவரம் சொல்கிறேன். பெட்ரோல் பங்கின் அப்ரூவல் நேரம் 7:58. பிளாக்குக்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்து. அந்த 1,340ஐ நிரந்தரமாகத் திருப்பிவிட்டார்கள், ஏன் அப்ரூவ் ஆனது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. 870 லிமிட்டுக்கு வந்துவிட்டது.

செல்போன் கடை இரண்டுக்கும் பதிவு 07, பின் இல்லை. 9,750ஐ தற்காலிக வரவாக வைத்திருக்கிறார்கள், "விசாரணை முடிவுக்கு உட்பட்டது" என்ற வரியோடு.

கார்டு_டிஸ்ப்யூட்_மீனா · அன்றே, இரவு 9:30

நல்லது. தகவல் சொல்லிப் பத்து வேலைநாளுக்குள் அப்படி வரவு வைக்க வேண்டும் என்பது அதே சுற்றறிக்கையில் இருக்கிறது, வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் திரும்ப எடுப்பார்கள், அதனால் அந்த லிமிட்டைச் செலவழிக்காதீர்கள். முடிவெடுக்க அவர்களுக்கு 90 நாள் இருக்கிறது. நிராகரித்தாலோ, புகாருக்கு 30 நாளில் சரியான பதில் வராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். 7:46 எஸ்எம்எஸ், திங்கள் இரவு மெயில், 07 என்று எழுதிய அந்தப் பதில் மூன்றையும் அழித்துவிடாதீர்கள்.

திருப்பூர்_ஜவுளிக்கடை · இரவு 9:48

அந்தச் செல்போன் கடையில கேமரா இருக்கும் தம்பி. எங்க கடையில கொஞ்ச நாள்தான் நிக்கும், மேல மேல பதிவாகி அழிஞ்சிடும். ஸ்டேஷன்ல சொல்லி நாளைக்கே கேட்கச் சொல்லுங்க.

ஈரோடு_பாலா · இரவு 9:51

காலை முதல் பஸ்ஸில் கோவை போகிறேன் அண்ணா.