மேடை பேனர்: கடைசி வரிசையில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை அப்பா
மகளின் பள்ளிப் பரிசளிப்பு விழா. பேனரைப் பார்த்துச் சரி சொல்லும் வேலையைப் பெற்றோர் சங்கத்தில் என் தலையில் கட்டினார்கள். 20 அடி அகலம், 10 அடி உயரம், வழக்கமான பளபளப்பு ஃப்ளெக்ஸ். முதல் நாள் மாலை ட்யூப் லைட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஸ்பொட் லைட் போட்டதும் பள்ளிப் பெயரின் நடு எழுத்துகள் மறைந்து, வெள்ளையாக ஒரு திட்டு. நான் இடப்பக்கம் நடந்தேன், திட்டும் கூடவே வந்தது. வலப்பக்கம் நின்ற மிஸ், "அங்கே இல்லை சேர், இங்கேதான் இருக்கு" என்கிறார். லைட்காரர் பிரின்ட் பிழை என்றார், பிரின்ட் கடையில் லைட் கூடிப்போச்சு என்றார்கள். யார் சொன்னது சரி?

வெள்ளவத்தை வாசி
நாங்கள் கறுப்புப் பின்னணி போட்டோம், பிரச்சினை முடிந்தது. கூச்சம் வருவது வெள்ளையால்தான். அதை மாற்றச் சொல்லியிருக்கலாம்.

மேடை லைட்காரன்
வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசவைக்கும், அது உண்மை. ஆனால் அப்பா சொல்வது வேறு. ஆளோடு சேர்ந்து திட்டும் நகர்ந்தால் அது கண்ணாடிபோல் மின்னுகிறது என்று அர்த்தம். நகராமல் நின்றால்தான் மையையோ லைட்டின் அளவையோ சந்தேகப்பட வேண்டும். பளபளப்பு ஃப்ளெக்ஸில் கறுப்பு அடித்தால் மினுக்கம் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெள்ளவத்தை வாசியின் மண்டபத்தில் லைட் கூரையில் உயரமாக இருந்திருக்கும், அதனால் தப்பினார்.

உயரத்தில் இருந்து சரிவாக விழும் வெளிச்சம் பேனரில் பட்டு மேடைத் தரையில் போய் விழும். பால்கனி விளிம்பில் ஸ்பொட்டைக் கட்டினால் வெளிச்சம் கிட்டத்தட்ட நேராகப் போய் நேராகத் திரும்பும், சனங்களின் முகத்துக்கே. பேனரை இறக்க நேரமில்லாத ஒரு விழாவில் கீழ்க் குழாயை மட்டும் ஓரடி பின்னால் இழுத்துக் கட்டினோம். பத்தடி உயரத்துக்கு அது ஆறு பாகைச் சரிவு, திரும்பும் வெளிச்சமோ பன்னிரண்டு பாகை கீழே இறங்கும். 80 அடி தூரத்தில் அது பதினாறு, பதினேழு அடி. மினுக்கம் கடைசி வரிசைக்குப் போகாமல் முன்னாலேயே தரையில் விழுந்துவிடும். சுருக்கம் இருந்தால் மட்டும் இதுவும் உதவாது, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக மின்னும். இழுத்துக் கட்டுங்கள். காசு இருந்தால் துணியில் பிரின்ட் பண்ணுங்கள், அதில் மினுக்கம் மிகக் குறைவு.

பம்பலப்பிட்டி அம்மா
என் மகளின் நடனப் படங்கள் எல்லாம் போனில் வெளிறிப் போயின. அதுவும் பேனரால்தானா? நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். பிரதம விருந்தினர் யார் என்று என் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் மேடையில் இருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

டிசைன் தம்பி
அக்கா, படம் வேறு கதை. பின்னணி இருட்டாக இருந்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளிறும். கறுப்பு பேனர்காரருக்கும் இதைச் சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் என் ஆத்திரம்: ஒரு பள்ளிக்காரர் கணினித் திரையில் என் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்து "வடிவா இருக்கு" என்று கையெழுத்து வைத்தார். அப்படிப் பார்த்தால் எதுவும் தெரியத்தான் செய்யும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேனர் 20 அடி, கடைசி வரிசை 80 அடி என்றால் தூரம் அகலத்தைப்போல நாலு மடங்கு. டிசைனை ஏ4 தாளில், முழு அகலத்துக்கும் வருமாறு, படுக்கையாக அடியுங்கள். தாளின் அகலம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், ஆகவே 120 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் பார்ப்பதுதான் கடைசி வரிசைக்காரர் பார்ப்பது. அங்கே இருந்து வாசிக்க முடியாததை மண்டபத்திலும் வாசிக்க முடியாது. டிசைனைப் பார்க்காத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

வசதியாக வாசிக்க எழுத்தின் உயரம் பத்தடிக்கு ஓர் அங்குலம், அதாவது 80 அடிக்கு எட்டு அங்குலம் என்பது பொதுவான கணக்கு. அதில் பாதியிலும் வாசித்துவிடலாம். அக்கா பார்த்த பெயர் இரண்டரை அங்குலம் இருந்திருந்தாலே அதிகம். தமிழில் ம, ப உயரத்தை அளந்து பாருங்கள், மேலே போகும் விசிறியையும் புள்ளியையும் சேர்க்காதீர்கள். தடித்த எழுத்துரு எடுத்தால் ணை, ஞ எல்லாம் உள்ளே அடைத்து, தூரத்தில் ஒரே கறையாகத் தெரியும்.

வெள்ளவத்தை வாசி
எங்கள் பேனரை எல்லோரும் வாசித்தார்கள். கணக்குப் போடாமலே.

கொட்டாஞ்சேனை அப்பா
தம்பி, தாளை ஒட்டிப் பார்த்தேன். பள்ளிப் பெயர் தெரிகிறது, அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அதிபருக்கோ மூன்று மொழியும் வேண்டும், விருந்தினரின் பட்டங்கள் எல்லாமும் வேண்டும். எட்டு அங்குலத்தில் இவ்வளவும் எங்கே வைப்பது? லைட்காரண்ணா, குழாயைப் பின்னால் இழுத்தால் பிள்ளைகள் உடை மாற்ற ஓடும் வழி அடைபடுகிறது. பின்னால் இரண்டடிதான் இருக்கிறது. மேல் குழாயை முன்னால் கொண்டுவந்தால் போதுமா?