தாத்தா போட்டோவ 48x48 பிரிக் மொசைக்கா மாத்தினா கன்னம் முழுக்க புள்ளி புள்ளியா வருது, கண்ணாடியும் காணாம போகுது. எங்க தப்பு?

முதல்மொசைக்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட பழைய கலர் போட்டோ ஒண்ணு இருக்கு, நெஞ்சு வரைக்கும் எடுத்தது, கண்ணாடி போட்டுட்டு லேசா சிரிக்கிறாரு. அத 48x48 லெகோ பேஸ்பிளேட்ல 1x1 பிளேட் வெச்சு பண்ணணும்னு ஆசை. வாங்க முடியுறது ஆறு கலர் மட்டும்தான், அதுக்கு மேல போனா எனக்கு கட்டாது. நான் எடுத்தது வெள்ளை, டேன், டார்க் டேன், மீடியம் நௌகட், ரெட்டிஷ் பிரவுன், கறுப்பு. தோல் கலர் வரணுமேன்னு பிரவுன் பக்கமாவே பாத்து எடுத்தேன். அந்த ஆறு கலரையும் `palette.png`ல வெச்சு, கம்ப்யூட்டர்ல இமேஜ்மேஜிக்ல இந்த கமாண்ட போட்டு பாத்தேன்:

```
magick thatha.png -resize 48x48 +dither -remap palette.png grid.png
magick grid.png -scale 960x960 view.png
```

கன்னத்துல ரெண்டு பிரவுனும் கலந்து அம்மை போட்ட மாதிரி இருக்கு, கண்ணாடி ஃபிரேம் அங்கங்க ஒரு கறுப்பு புள்ளியோட நின்னுடுச்சு. அவர் முகம்னு எனக்கு தெரியுது, ஆனா பாட்டிகிட்ட காட்டினா யாருடா இதுன்னு கேட்டாங்க. பார்ட்ஸ் இன்னும் வாங்கல.

பெரியகட்டம்:
48 பத்தாது ப்ரோ, முகத்துக்கு 96x96 போடுங்க, எல்லாம் சரியாயிடும். அப்புறம் கலர்கள புள்ளி புள்ளியா கலந்து நடு ஷேட் மாதிரி காட்டுற டிதரிங்க ஆஃப் பண்ணுங்க, அதுதான் இந்த புள்ளிக்கு காரணம்.

முதல்மொசைக்:
டிதரிங் ஏற்கனவே ஆஃப்லதான் இருக்கு ப்ரோ, கமாண்ட்ல `+dither`னா ஆஃப்னு அர்த்தம். 96 போனா 9216 பீஸ், இப்ப இருக்குற 2304க்கு நாலு மடங்கு, முடியவே முடியாது.

கல்லடுக்கி:
1x1 பிளேட்ட ஒட்டவே வேணாம், தானா நிக்கும். பெரிய பேஸ்பிளேட் வளையும், பின்னாடி பலகை வெச்சுடுங்க.

முதல்மொசைக்:
நன்றி அண்ணா, ஆனா நான் இன்னும் கட்டுற கட்டத்துக்கே வரல, பிளான்தான் சொதப்புது.

சாம்பல்நிறம்:
தம்பி, ரெண்டு தனித்தனி பிரச்சினைய ஒண்ணா போட்டு குழப்பிக்கிறீங்க. கண்ணாடி காணாம போறது கட்டத்தோட கணக்கு, கன்னத்துல புள்ளி வர்றது கலரோட கணக்கு.

முதல்ல கண்ணாடி. உங்க கட்டத்துல காதுக்கு காது எத்தன ஸ்டட், அதாவது எத்தன 1x1 பீஸ் வருதுன்னு எண்ணுங்க. நெஞ்சு வரைக்கும் எடுத்த போட்டோன்னா 17, 18தான் வரும். ஒரு முகத்தோட அகலம் சுமாரா அஞ்சு கண்ணோட அகலம், அப்போ ஒரு கண்ணுக்கு மூணரை ஸ்டட்தான் கெடைக்குது. அதுக்குள்ள இமை, கருவிழி, வெள்ளை, மேல ஃபிரேம் எல்லாம் எப்படி உக்காரும்? பேஸ்பிளேட்ட பெருசாக்காதீங்க, போட்டோவ வெட்டுங்க. நெத்தியில இருந்து தாடை வரைக்கும் சதுரமா வெட்டினா முகம் 34 ஸ்டட் அகலம் வரும், கண்ணு ஒண்ணுக்கு ஏழு கிட்ட. அதே 2304 பீஸ்தான். சட்டையும் பின்னாடி சுவரும் எத்தன பீஸ் தின்னுச்சுன்னு அப்ப தெரியும், எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

இப்போ கலர். பிரவுன் பக்கமா எடுத்தது தப்பில்ல, ஆனா கலரோட பேர பாத்து எடுக்கக்கூடாது, அதோட வெளிச்சத்த பாத்து எடுக்கணும். உங்க `palette.png`ய ஒரு தடவ கறுப்பு வெள்ளையா மாத்தி பாருங்க. 0 கறுப்பு, 255 வெள்ளைன்னு வெச்சா டேன் 206 கிட்ட, டார்க் டேன் 139, மீடியம் நௌகட் 134, ரெட்டிஷ் பிரவுன் 53. டார்க் டேனும் மீடியம் நௌகட்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், ஒண்ணு சாம்பல் சாயல், இன்னொண்ணு சிவப்பு சாயல், அவ்ளோதான். கன்னத்துல ஒரு பிக்சல் லேசா சிவந்திருந்தா நௌகட், பக்கத்துல இருக்கிறது கொஞ்சம் வெளுத்திருந்தா டார்க் டேன்னு ப்ரோக்ராம் மாறி மாறி எடுக்குது. அந்த அம்மை அதுதான். ஆறு கலர் வாங்கி அஞ்சு ஷேடுக்குத்தான் உபயோகப்படுத்துறீங்க. டார்க் டேன தூக்குங்க.

வாங்கும்போது ஒண்ணு கவனம், டேன்னு நாம சொல்றத லெகோ தன்னோட லிஸ்ட்ல ப்ரிக் யெல்லோன்னு போடும், மஞ்சள்னு நெனச்சு விட்டுடாதீங்க.

வட்டப்புள்ளி:
என் கதைய சொல்றேன், நான் எங்க பூனைய 1x1 ரவுண்ட் பிளேட்டுல பண்ணேன், கறுப்பு பேஸ்பிளேட் மேல. ஸ்கிரீன்ல பாத்தத விட முழுசா இருண்டு போச்சு, வெள்ளை வயிறு சாம்பலாச்சு. வட்டத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளி வழியா அடியில இருக்குற கறுப்பு தெரியுது. நீங்களும் ரவுண்டா, சதுரமா?

சாம்பல்நிறம்:
நல்ல பாயிண்ட்டு. வட்டம்னா ஒவ்வொரு கட்டத்துலயும் அஞ்சுல ஒரு பங்கு அடித்தட்டு கலர்தான் தெரியும். அந்த இருட்டு எனக்கு பிடிக்கும், ஆனா முதல் தடவைக்கு சதுரமே போங்க.

முதல்மொசைக்:
அண்ணா சொன்ன மாதிரி வெட்டி, டார்க் டேன எடுத்துட்டு ஓட்டி பாத்தேன், அம்மை போயே போச்சு! கண்ணு ரெண்டும் வந்துடுச்சு. ஆனா இப்போ புது தொல்லை, இடது கன்னத்துல நிழல் விழுற இடத்துல நௌகட்டுல இருந்து திடீர்னு ரெட்டிஷ் பிரவுனுக்கு குதிக்குது, தோல் மேல தீவு வரைஞ்ச மாதிரி ஓரம் தெரியுது.

சாம்பல்நிறம்:
134ல இருந்து 53க்கு குதிச்சா அப்படித்தான். காலியான ஆறாவது இடத்துல நடுவுல ஒரு ஷேட் வைங்க. டார்க் ப்ளூயிஷ் கிரே 109 கிட்ட, டார்க் ஆரஞ்சு 100 கிட்ட. நான் கிரேதான் எடுப்பேன், ஈசியா கெடைக்கும், நிழல்ல சாம்பல் இருந்தா கண்ணு ஏத்துக்கும்.

கண்ணாடி ஃபிரேம மட்டும் ப்ரோக்ராம நம்பாதீங்க. படத்த சுருக்கும்போது மெல்லிசான கோடு பக்கத்து தோலோட கலந்து வெளிறிடும். `grid.png`ய பெருசாக்கி வெச்சு ஒரு ஸ்டட் அகலத்துக்கு நீங்களே கறுப்புல போடுங்க, ஒவ்வொரு கருவிழிக்குள்ளயும் ஒரே ஒரு வெள்ளை. அந்த ரெண்டு ஸ்டட் இல்லன்னா பார்வை செத்துடும். கைவேலை முடிஞ்ச பிறகுதான் எண்ணணும்:

```
magick grid.png -format %c histogram:info:-
```

ஒவ்வொரு கலரும் எத்தனன்னு வரும், கொஞ்சம் கூடுதலா வாங்கிக்கோங்க.

பெரியகட்டம்:
கன்னத்துக்கு மட்டும் டிதரிங் ஆன் பண்ணா ஓரம் மறையாதா? போட்டோ பிரிண்ட்ல எல்லாம் அப்படித்தானே பண்றாங்க.

சாம்பல்நிறம்:
பிரிண்ட்ல புள்ளி ரொம்ப பொடிசு, இங்க ஒரு ஸ்டட் 8 மி.மீ. மூணு மீட்டர் தள்ளி நின்னாலும் கண்ணு அத தனித்தனியாத்தான் பாக்கும். ஆகாயம், சுவருன்னா சரி, முகத்துல மறுபடியும் அம்மைதான்.

வட்டப்புள்ளி:
எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல, பூனைக்கு டிதரிங் நல்லாவே வந்துச்சு, ரோமம் மாதிரி இருந்துச்சு.

சாம்பல்நிறம்:
ரோமத்துக்கு வரும், ஒத்துக்கிறேன்.

முதல்மொசைக்:
ரெண்டையும் நிஜ சைஸ்ல, 38.4 செ.மீ. சதுரமா, பேப்பர் பேப்பரா பிரிண்ட் எடுத்து ஒட்டி சுவர்ல மாட்டிட்டேன். கிரே போட்டது தாத்தா ரெண்டு நாள் ஷேவ் பண்ணாத மாதிரி இருக்கு, டார்க் ஆரஞ்சு போட்டது தோலுக்கு சரியா இருக்கு, ஆனா கன்னத்துல மட்டும் வெயில் அடிக்குது. பாட்டி கிரே இருக்கிறத பாத்துட்டு, "அவருக்கு தாடி எப்பவும் அப்படித்தான் இருக்கும்"னாங்க. எனக்கு இன்னும் மனசு வரல, நாளைக்கு சாயங்கால வெளிச்சத்துல இன்னொரு தடவ பாக்குறேன். கண்ணாடி மட்டும் கையால போட்டு முடிச்சாச்சு, 61 கறுப்பு ஸ்டட் ஆச்சு.