சிவப்பணுவில் −52, தசையில் −61: ATP கணக்கு எங்கே சறுக்குகிறது?

மஞ்சள்நோட்டு: ATP நீராற்பகுப்பின் திட்ட கட்டிலா ஆற்றல் −30.5 கிலோஜூல்/மோல். ஆனால் மனித இரத்தச் சிவப்பணுவுக்குள் −52 என்று போட்டிருக்கிறார்கள். கொடுத்த செறிவுகள் ATP 2.25, ADP 0.25, பாஸ்பேட் (Pi) 1.65, எல்லாம் மில்லிமோலார். 37 டிகிரியில் போட்டால் எனக்கு −34.9தான் வருகிறது. இதே கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே தவறினீர்கள் என்று சொல்லுங்கள். (தமிழில் எழுதினால் இரண்டுமே "ஏடிபி" ஆகிவிடுவதால் குறியீட்டிலேயே எழுதுகிறேன்.)

நீலக்குடுவை: விடைத்தாள்களில் இந்த −34.9 அடிக்கடி வரும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், மில்லிமோலாரை மோலாராக மாற்றவில்லை என்று.

```
ΔG = ΔG'° + RT ln([ADP][Pi]/[ATP])
```

மேலே இரண்டு செறிவு, கீழே ஒன்று. ADP-யும் ATP-யும் ஒன்றின் அலகை ஒன்று அடித்துவிடும். Pi மட்டும் தனியாக நிற்கும். அதை 1.65 என்று போட்டால் பின்னம் 0.183; 0.00165 என்று போட்டால் 0.000183. ஆயிரம் மடங்கு தவறு என்றால் 37 டிகிரியில் 17.8 கிலோஜூல். உங்கள் −34.9-உடன் அதைச் சேர்த்துப் பாருங்கள், −52.7 வரும். 25 டிகிரியில் போட்டால் −51.8 வரும். வெப்பநிலையால் ஒரு கிலோஜூல்கூட மாறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம்வரிசை: இதில் முக்கியமான காரணத்தை விட்டுவிட்டீர்களே. திட்ட நிலை என்றால் எல்லாமே 1 மோலார். செல்லில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷ மோலார்தான். வினையில் ஹைட்ரஜன் அயனியும் வெளியேறுகிறது. அதையும் பின்னத்தில் சேர்க்க வேண்டும்.

நீலக்குடுவை: பாதி சரி தம்பி. ஹைட்ரஜன் அயனி வெளியேறுவது உண்மை; பிஎச் மாறினால் மதிப்பு மாறும் என்பதும் உண்மை. ஆனால் ΔG'° குறியில் இருக்கும் அந்தச் சிறு கோட்டைப் பாருங்கள். பிஎச் 7 என்பது −30.5-க்குள்ளேயே அடங்கிவிட்டது. மறுபடி 10⁻⁷ போட்டால் இன்னொரு −41.5 சேர்ந்து −94 வரும். அப்படியொரு எண் வந்தால் பிஎச்சை இரண்டு தரம் எண்ணிவிட்டோம் என்று அர்த்தம்.

−30.5-க்கும் −52-க்கும் இடையில் இருப்பது சமநிலையிலிருந்து செல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான். அதே 1.65 மில்லிமோலார் பாஸ்பேட்டோடு வினையைச் சமநிலைக்குப் போகவிட்டால், 25 டிகிரியில் ஒரு ATP-க்குச் சுமார் 13 கோடி ADP இருக்கும். சிவப்பணுவில் ஒன்பது ATP-க்கு ஒரு ADP. அந்த இடைவெளியைக் கிளைக்கோலிசிஸ் விடாமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றல் "பிணைப்புக்குள் பூட்டி" இருப்பதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. சமநிலைக்கு வந்துவிட்ட கரைசலில் எவ்வளவு ATP மிச்சமிருந்தாலும் அதிலிருந்து வேலை எதுவும் வாங்க முடியாது.

உப்புக்கரைசல்: −30.5-ஐயே அவ்வளவு நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. செல்லில் ATP பெரும்பாலும் மக்னீசியத்தோடு சேர்ந்துதான் இருக்கிறது. மக்னீசியமே இல்லாவிட்டால் திட்ட மதிப்பு −36 பக்கம் போய்விடும். 1 மில்லிமோலார் தனி மக்னீசியம் இருந்தால் −32.5 போடுகிறவர்களும் உண்டு.

நீலக்குடுவை: ஒப்புக்கொள்கிறேன். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் மக்னீசியத்தையும் அயனி வலிமையையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

தசைநார்: சிவப்பணு எளிய கேஸ். தசையில்தான் உண்மையான சறுக்கல். திசுவை உறையவைத்து, பெர்குளோரிக் அமிலத்தில் சாறெடுத்து அளந்தால் ADP கிட்டத்தட்ட 0.9 மில்லிமோலார் வரும். ATP 8.2, பாஸ்பேட் 4 என்று வைத்தால் ΔG −50.4. பார்வைக்குக் குறையில்லாத எண், ஆனால் தவறு.

ஆக்டின் இழையின் ஒவ்வொரு அலகும் ஒரு ADP-யைப் பிடித்துவைத்திருக்கிறது. அமிலம் புரதத்தைச் சிதைத்ததும் அதெல்லாம் வெளியே கொட்டிவிடுகிறது. வினையில் பங்கெடுக்காத ADP-யையும் சேர்த்து எண்ணிவிடுகிறோம். தனி ADP-யை நேராக அளக்க முடியாது. என்எம்ஆரில்கூடக் கண்ணுக்குப் படாத அளவு குறைவு. அதனால் கிரியேட்டின் கைனேஸ் வினை சமநிலையில் இருக்கிறது என்று கொண்டு பின்வழியாக வருகிறார்கள்:

```
[ADP] = [ATP][Cr] / ([PCr] × K')
```

பிஎச் 7-இல் K' சுமார் 166. ஓய்வில் இருக்கும் மனிதத் தசையில் கிரியேட்டின் பாஸ்பேட் (PCr) 33, கிரியேட்டின் (Cr) 9.5 மில்லிமோலார் என்று போட்டால் தனி ADP 14 மைக்ரோமோலார். 0.9 மில்லிமோலார் எங்கே, இது எங்கே! இந்த 14-ஐ வைத்தால் ΔG −61 வரும். ஏறக்குறைய 11 கிலோஜூல் வித்தியாசம், ஒரே ஒரு செறிவால்.

ஒளிர்மானி: எனக்கும் இதேதான். வளர்ப்புச் செல்களில் லூசிஃபெரேஸ் கிட் வைத்து அளந்தால் மருந்து கொடுத்த பின் ATP 10 சதவீதம் குறைகிறது. அப்படியானால் ΔG-யும் 10 சதவீதம் குறைந்தது என்று எழுதலாமா?

தசைநார்: கேள்வி அது இல்லை அக்கா, ஆனாலும் சொல்கிறேன். எழுத முடியாது. ATP மட்டும் 10 சதவீதம் குறைந்தால் ΔG கால் கிலோஜூல்தான் மாறும். குறைந்த அந்த ATP எல்லாம் தனி ADP-யாக நின்றால் ADP பல மடங்கு ஏறிவிடும், அப்போது கதை வேறு. இரண்டில் எது நடந்தது என்று அந்தக் கிட் சொல்லாது.

ஒளிர்மானி: அப்போ பாஸ்பேட்டையாவது மாலிப்டேட் முறையில் அளந்து சேர்த்துக்கொள்ளட்டுமா?

தசைநார்: உங்கள் செல்லில் கிரியேட்டின் பாஸ்பேட் இருந்தால் கவனம். அமில மாலிப்டேட்டில் அது மெல்ல மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடும். நேரம் ஆக ஆக நிறம் ஏறிக்கொண்டே போகும். ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கண்டுபிடித்ததே இந்தத் தாமதமான நிறத்தைத் துரத்திப் போய்த்தான். (சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) நிறம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறினால் உங்கள் Pi அதிகமாகக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்நோட்டு: கடும் உடற்பயிற்சியில் இந்த −61 என்ன ஆகும்?

தசைநார்: கிரியேட்டின் பாஸ்பேட் 10-க்கு இறங்கியதாக வையுங்கள். கிரியேட்டின் 32.5, பாஸ்பேட் 27 ஆகும். ATP ஏறத்தாழ அப்படியே 8. பிஎச் 7-இல் தனி ADP 157 மைக்ரோமோலார், ΔG −50.

இப்போது கால்சியம் பம்பைப் பாருங்கள். ஒரு ATP-க்கு இரண்டு கால்சியம் தள்ளும். உள்ளே, வெளியே 10,000 மடங்கு வேறுபாடு என்றால் குறைந்தபட்சம் 47.5 கிலோஜூல் வேண்டும். ஓய்வில் இருந்த தாராளம் இங்கே இரண்டரை கிலோஜூலாகச் சுருங்கிவிட்டது, ATP அளவு மாறாமலேயே.

மூன்றாம்வரிசை: பயிற்சியில் பிஎச் 7-இல் நிற்காதே. என் ஹைட்ரஜன் அயனி இங்காவது உதவுமா?

தசைநார்: இங்கே உதவும். 6.8-க்கு இறங்கினால் K' 263 ஆகும், தனி ADP 99 மைக்ரோமோலாருக்குக் குறையும். பாஸ்பேட்டை 27-லேயே வைத்தால் பின்னம் வழியாக ஒரு கிலோஜூல் திரும்பக் கிடைக்கும். ஆனால் அமிலம் ΔG'°-ஐ எதிர்ப்பக்கம் இழுக்கும், அதையும் திருத்த வேண்டும்.

உப்புக்கரைசல்: அவ்வளவு வேகமாகச் சுருங்கும் தசையில் கிரியேட்டின் கைனேஸ் எல்லா இடத்திலும் சமநிலையில்தான் இருக்கிறது என்று எப்படி வைத்துக்கொள்வது? பம்புக்குப் பக்கத்திலும் மயோசினுக்குப் பக்கத்திலும் ஒரே ADP-யா?

தசைநார்: முழுத் தசைக்கும் சராசரியாக ஒரு எண் வேண்டுமென்றால் இதைப் போடலாம். பம்புக்குப் பக்கத்தில் என்ன என்று கேட்டால் இந்தச் சூத்திரத்தில் விடை இல்லை.