ஐந்து அறைப் பெட்டி: எல்லா அறையும் ஒரே நாளில் வந்து நின்றால்?

கார்டுக்கட்டு: ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய கார்டுகளை ஐந்து அறைப் பெட்டியில் வைத்துப் படிக்கிறேன். சரியாகச் சொன்னது அடுத்த அறைக்கு, தப்பானது முதல் அறைக்கு. நாளுக்கு 10 புது கார்டு. முதல் அறை தினமும், இரண்டாவது 2 நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது 4, நான்காவது 8. அதையும் தாண்டியது ஐந்தாவதில் சும்மா கிடக்கும். சில வாரம் ஓடியதும் ஒவ்வோர் எட்டாம் நாளும் நாலு அறையும் சேர்ந்து வருகின்றன: 10, 20, 40, 80. மொத்தம் 150 கார்டு. மற்ற சில நாளில் வெறும் 10. கிடைக்கிற ஐந்து, பத்து நிமிஷத்தில் படிக்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓரத்துமேசை: நாட்காட்டியைத் தூக்கிப் போடுங்கள். 1970களில் இந்த முறையைப் பரப்பிய செபாஸ்டியன் லைட்னரின் பெட்டியில் தேதியே கிடையாது. அறைகளின் அகலம் 1, 2, 5, 8, 14 செ.மீ. ஓர் அறை நிரம்பினால்தான் அதில் கை வைக்க வேண்டும்.

உங்கள் கணக்குக்கு இப்படி மாற்றலாம். இரண்டாம் அறையில் 20, மூன்றாவதில் 40, நான்காவதில் 80 சேரும்வரை அந்தந்த அறையைத் தொடாதீர்கள். சேர்ந்தபின் ஒவ்வோர் அறையிலும் முன்னாலிருந்து தினம் 10 எடுங்கள், புதிதாக வருவதைப் பின்னால் செருகுங்கள். 40 கார்டு நிற்கும் வரிசையில் தினம் 10 வெளியே போனால் ஒரு கார்டு தானாகவே 4 நாள் காத்திருக்கும். இடைவெளி அதேதான், ஆனால் 150 வராது, தினமும் 40தான்.

மழைக்காகம்: 40 கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் எது எந்த அறை என்று ராத்திரி குழப்பம் வராதா?

ஓரத்துமேசை: வரும். அதனால் அறைக்கு ஒரு நிறத்தில் ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டாகப் பிரியுங்கள். வெளியில் காத்திருக்க நேரும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு. தப்பான கார்டை அதே கட்டில் குறுக்கே திருப்பிச் செருகுங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியில் இருக்கும்போது அறை மாற்றவே வேண்டாம். இரவில் பெட்டி முன் உட்கார்ந்து நேராக இருப்பவற்றை அடுத்த அறைக்கும் நீட்டியவற்றை முதல் அறைக்கும் தள்ளினால் இரண்டு மூன்று நிமிஷ வேலை.

தேன்குழல்: நேரம் மிச்சமானால் அதே கட்டை இன்னொரு சுற்று ஓட்டுவது நல்லது. இரண்டாவது சுற்றில் சரியாக வந்தால் நேராக்கிவிடலாம்.

ஓரத்துமேசை: ஓட்டுங்கள், நேராக்காதீர்கள். அன்றைய முதல் பதிலுக்குத்தான் மதிப்பு. அரை மணி முன் பார்த்த விடையைச் சொல்வதற்கும் நேற்றையதைச் சொல்வதற்கும் சம்பந்தமில்லை. இப்படி ஏறுகிற கார்டுகள் மூன்றாம் அறையில் கொத்தாகச் சரியும். அங்கே தப்பு திடீரென்று கூடினால் காரணத்தை இங்கேதான் முதலில் தேட வேண்டும்.

பச்சைமை: தப்பானதை முதல் அறைக்கே தள்ளுவது அதிகப்படி. நான்காம் அறையிலிருந்து விழுந்தால் மூன்றாவதில் வைத்தால் போதும்.

ஓரத்துமேசை: மூன்றாவதில் வைத்தால் இப்போதுதான் மறந்ததை இன்னும் நாலு நாள் பார்க்க மாட்டீர்கள். முதல் அறைக்கே அனுப்புவேன்.

பச்சைமை: விடையைப் பார்த்ததும் "அட, தெரியுமே" என்று தோன்றும் கார்டுக்கு நாலு நாள் ஒன்றும் பெரிதில்லை. நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கார்டுக்கட்டு: தப்பு திரும்பி வருவதால் முதல் அறை 10ஐத் தாண்டுகிறதே?

ஓரத்துமேசை: புதியதைக் குறையுங்கள். இன்று 4 திரும்பி வந்தால் நாளைக்கு 6 புதுசு. 10 திரும்பினால் புதுசே வேண்டாம். பெட்டி நாறுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

வேதிக்குடுவை: முதல் அறையை விட்டு நகரவே நகராத கார்டுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். Mg மக்னீசியம், Mn மாங்கனீசு. Mg சரியாக வந்த அன்று Mn விழும், மறுநாள் தலைகீழ். இரண்டையும் திரும்பத் திரும்ப எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகாது. "Mg, Mn: அணு எண் 12 எது, 25 எது?" என்று மூன்றாவது கார்டு ஒன்று போட்டு, அது மூன்றாம் அறையை எட்டும்வரை பழைய இரண்டையும் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஒரு கார்டில் ஐந்து விடை கேட்டிருந்தாலும் இதே கதிதான், நாலு சொல்லிவிட்டு "கிட்டத்தட்ட சரி" என்று ஏற்றிவிடுவோம். ஐந்தாக உடையுங்கள்.

மழைக்காகம்: எனக்கு மூன்று வாரத்தில் தேர்வு. அதற்குள் ஐந்தாம் அறைக்கு எல்லாம் போய்விடுமா?

ஓரத்துமேசை: போக வேண்டியதில்லை. மூன்று அறையோடு நிறுத்துங்கள். மூன்றாவதில் சரியானதைத் திரும்ப அதன் பின்பக்கமே செருகுங்கள். கடைசி வாரம் புது கார்டு வேண்டாம்.

தேன்குழல்: நடுவில் மூன்று நாள் விட்டுப்போனால்?

கார்டுக்கட்டு: வரிசை அப்படியே நிற்குமே, 10 எடுத்துத் தொடர வேண்டியதுதானே?

ஓரத்துமேசை: ஆமாம். தப்பு வழக்கத்தைவிடக் கூடும், அதனால் இரண்டு மூன்று நாள் புதியது சேர்க்காதீர்கள்.