களஞ்சிய மேற்பார்வையாளர் வேண்டும்: விளம்பரத்தை மாற்றி எழுதியபோது யார் வந்தார்கள்?

சீனன்குடாக்காரன்

இங்கே ஆள் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள், வேலை தேடுபவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

சீனன்குடாப் பக்கம் கட்டடப் பொருள் விநியோகிக்கும் ஒரு களஞ்சியம் என் பொறுப்பில் இருக்கிறது. சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ட் எல்லாம் அங்கே வந்து இறங்கும். மேற்பார்வையாளர் இடம் காலியானதும் கொழும்புத் தலைமையகம் ஒரு விளம்பரத்தை அனுப்பியது. உயர்தரம் சித்தி, 25 முதல் 35 வயது, ஆண்கள் மட்டும், மும்மொழித் தேர்ச்சி, தலைமைத்துவப் பண்பு, கவர்ச்சியான சம்பளம். விண்ணப்பங்கள் குவிந்தன. பாதிப்பேர் இதை மேசை வேலை என்று நினைத்த படித்த பிள்ளைகள். மிச்சப் பேர், மேற்பார்வையாளர் என்றால் மூட்டை தூக்குபவர்களுக்குத் தலைவர், அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள். இரண்டு தரப்பிலும் பிழை இல்லை. அந்த வேலையில் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்வார் என்று விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை.

தலைமையகத்திடம் கேட்டு நான் புதிதாக எழுதினேன். முக்கியமான பகுதி இதுதான்:

*"காலை 6.30க்குக் கதவைத் திறப்பீர்கள். வரும் லொறிகளை எண்ணி இறக்கி, கிழிந்த பைகளை ஓட்டுநர் முன்னாலேயே ஒதுக்கி, பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இருப்பு அட்டையான பின் கார்ட்டையும் அன்றன்றே எழுதி முடிப்பீர்கள். மூட்டை தூக்கும் எட்டு நாட்டாமைமாருக்கு வேலை பிரித்துக் கொடுப்பீர்கள். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை முழு இருப்பும் எண்ணப்படும், அன்று இரவு தாமதமாகும். தென்பகுதியிலிருந்து வரும் ஓட்டுநருடன் சிங்களத்தில் பேசவும், ஆங்கில இன்வொய்ஸ் ஒன்றை வாசித்துச் சரிபார்க்கவும் முடிந்தால் போதும். சாதாரண தரத்தோடு ஏதாவது களஞ்சியத்தில் மூன்று வருட அனுபவம், அல்லது உயர்தரத்தோடு ஒரு வருடம்."*

அடியில் சம்பளத்தை எழுதினேன். அதற்கும் கீழே ஒரு கேள்வி. பதில் எழுதாத விண்ணப்பம் பார்க்கப்படாது என்றும் போட்டேன்.

*"காலையில் சீமெந்துக் கார்ட்டில் 420 பை. பகலில் 300 வந்தது, 385 போனது. மாலையில் எண்ணினால் 327தான் இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு வரியில் எழுதுங்கள்."*

இந்தமுறை வந்த விண்ணப்பங்கள் மிகக் குறைவு. ஆனால் அதில் பெரும்பாலானவர்களைக் கூப்பிட்டுப் பேசக்கூடியதாக இருந்தது.

---

கூட்டுறவுக் கிழவன்

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியங்களில்தான் காலம் முழுக்க இருந்தவன். தம்பி, நீங்கள் போட்ட கேள்வி நல்ல கேள்வி. 335 இருக்க வேண்டும், 8 குறைகிறது. இனி யார் என்ன பதில் எழுதினார்கள் என்று சொல்லுங்கள், அதில்தான் விசயம் இருக்கு.

---

சீனன்குடாக்காரன்

சொல்கிறேன் ஐயா. சிலர் கூட்டிக் கழித்து 335 என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கணக்குப் பரீட்சை என்று நினைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் உடனே திருடனைத் தேடினார்கள்: காவலாளியை விசாரிப்பேன், கமெராவைப் பார்ப்பேன், அன்று வேலை செய்தவர்களின் சம்பளத்தில் எட்டுப் பையின் காசைப் பிடிப்பேன் என்று. இவர்களை நான் கூப்பிடவில்லை. எண்ணியதில் பிழை இருக்கலாம் என்று தோன்றாத ஒருவரிடம் எட்டு நாட்டாமைமாரை ஒப்படைத்தால் ஒரு மாதத்தில் பாதிப்பேர் போய்விடுவார்கள்.

கூப்பிட்டவர்கள் எழுதியது வேறுமாதிரி. இன்னொருவரை வைத்துத் திரும்ப எண்ணுவேன். கிழிந்த பை தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறதா பார்ப்பேன். கடைசி லொறிக்குச் சரக்கு ஏற்றிவிட்டுச் சீட்டைக் கார்ட்டில் பதியாமல் விட்டிருக்கலாம். வந்த 300ஐ இறக்கும்போது எண்ணியது யார் என்று கேட்பேன். இந்த வரிசையில் ஒன்றிரண்டை எழுதியவர்களும் தேறினார்கள்.

ஒருவர் மட்டும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் களஞ்சியத்தில் ஒரு அடுக்கில், ஒரு தட்டுக்கு எத்தனை பை வைக்கிறீர்கள்?"

---

கூட்டுறவுக் கிழவன்

அவரை எடுத்தீர்களா?

---

சீனன்குடாக்காரன்

எடுத்தோம். எங்கள் களஞ்சியத்தில் ஒரு தட்டுக்கு 8 பை, பத்துத் தட்டு உயரம்.

---

கூட்டுறவுக் கிழவன்

மற்றவர்களுக்காக விளக்குகிறேன். அடுக்கி வைத்த பைகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. தட்டை எண்ணிப் பெருக்குவோம். உள்பக்கம் இருக்கிற அடுக்கில் ஒரு தட்டு கண்ணில் படாமல் போனால் சரியாக எட்டுக் குறையும். ஐந்தோ பதினொன்றோ குறைந்திருந்தால் நான் சீட்டுகளைத்தான் முதலில் புரட்டுவேன். எட்டு என்றால் முதலில் அடுக்கைப் போய்ப் பார்ப்பேன். இது புத்தகத்தில் படித்து வருவதில்லை, சீமெந்துத் தூசியில் நின்றவனுக்குத்தான் வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குறைவு வந்தால் யார் பொறுப்பு என்று விளம்பரத்தில் எழுதினீர்களா? நல்ல ஆள் முதலில் அதைத்தான் தேடுவார். கையெழுத்து அவருடையது, ஆனால் திறப்பு மூன்று பேரிடம் இருக்கும் என்றால் அனுபவசாலி வரமாட்டார்.

---

சீனன்குடாக்காரன்

எழுதினேன் ஐயா. "திறப்பு உங்களிடமும் முகாமையாளரிடமும் மட்டும் இருக்கும். நீங்கள் கையெழுத்திடாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது." கூட்டுறவில் இருந்து ஒருவர் விண்ணப்பித்ததே இந்த வரியைப் பார்த்துத்தான் என்று நேர்முகத்தில் சொன்னார்.

---

கிண்ணியா லொறி

அஸ்ஸலாமு அலைக்கும். நாநா, ஒரு பெரிய விசயத்த விட்டுட்டீங்க. ஃபோர்க் லிஃப்ட் ஓடத் தெரிஞ்சிருக்கணும் எண்டு கட்டாயம் போடணும். நான் லொறி கொண்டுபோற இடத்துல மேற்பார்வையாளருக்கு ஓடத் தெரியாது. ஓட்டுநர் லீவு எண்டா நாங்க மத்தியானம் மட்டும் காய்ஞ்சுகிட்டு நிக்கணும்.

---

சீனன்குடாக்காரன்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நீங்கள் நிற்கவேண்டி வந்தது உண்மையான பிரச்சினை, ஆனால் அது இரண்டாவது ஓட்டுநர் இல்லாத பிரச்சினை. மேற்பார்வையாளரே ஏறி ஓடினால், அந்த நேரம் வாசலில் எண்ணுவது யார்? அதைக் கட்டாயமாகப் போட்டிருந்தால் நான் எடுத்தவர் விண்ணப்பித்தே இருக்கமாட்டார், அவருக்கு ஓடத் தெரியாது. ஆனால் உங்கள் பேச்சில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பாரம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறதா, முள்ளு பலகைக்குள் முழுதாகப் போயிருக்கிறதா, கீழே ஆள் நிற்கிறாரா என்று பார்த்து நிறுத்தச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதை அடுத்தமுறை எழுதுவேன்.

---

கிண்ணியா லொறி

நான் இன்னும் ஒத்துக்க மாட்டன். சின்ன ஸ்டோர்ல ஒராள் ரெண்டு வேலையும் பாக்கத்தான் வேணும். எல்லாரும் உங்கட மாதிரி பெரிய இடம் இல்ல.

---

நிலாவெளி ஸ்டோர்ஸ்

நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் ஸ்டோரைப் பார்க்கிறேன். பெண். "ஆண்கள் மட்டும்" என்ற வரியைத் தூக்கியதற்கு நன்றி அண்ணா. இருப்புக் கணக்கு, காலாவதித் திகதி, குளிரறை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மீனும் பாலும் சீமெந்தைவிட வேகமாகக் கெட்டுப்போகும், அதனால் எனக்குக் கணக்குப் பிழைத்தால் அடுத்த நாளே தெரியும்.

ஆனால் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தாலும் நான் தயங்கியிருப்பேன். "இரவு தாமதமாகும்" என்றால் எத்தனை மணி? ஒன்பதா, பன்னிரண்டா? திரும்பி வர வாகனம் உண்டா? இதை எழுதாவிட்டால், வேலை தெரிந்த பெண்கள் கேட்காமலேயே விலகிப்போவார்கள். 6.30க்குத் திறக்க வேண்டும் என்றால் மூதூரிலிருந்து வருபவருக்கும் இதே கேள்விதான்.

---

சீனன்குடாக்காரன்

சரியான கேள்வி தங்கச்சி. பத்து மணியளவில் முடியும், நிறுவன வான் வீட்டில் கொண்டுபோய் விடும். இந்த இரண்டையும் அப்படியே விளம்பரத்தில் சேர்க்கிறேன்.

---

பாலையூற்று

அண்ணா, அந்த வேலை இன்னும் இருக்கா? என்ட தம்பி உயர்தரம் வர்த்தகப் பிரிவு, மூண்டு ஏ. கொம்பியூட்டர் கோர்சும் முடிச்சிருக்கிறான். விண்ணப்பம் எங்க அனுப்புறது?

---

சீனன்குடாக்காரன்

அந்த இடம் நிரம்பிவிட்டது அக்கா. உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு இருப்பு எழுதுநர் வேலை பொருந்தும். ஒரு வருடம் பின் கார்ட்டும் பொருள் வரவுச் சீட்டும் கையால் எழுதிப் பழகினால் பிறகு இந்த இடத்துக்கு வரலாம். எங்கே விண்ணப்பித்தாலும், எந்தக் களஞ்சியத்தில் என்ன பொருளை எண்ணினார் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பாடசாலை ஸ்டோரோ கோயில் மடப்பள்ளியோ, எதுவானாலும் சரி.

---

துறைமுக வீதி

சம்பளத்தை வெளிப்படையாகப் போட்டதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் ஒருமுறை போட்டோம். ஏற்கெனவே இருந்தவர்கள், புதிதாக வருபவருக்கு ஏன் கூட என்று கேட்டு வந்து நின்றார்கள். இரண்டு பழைய ஆட்கள் விலகிவிட்டார்கள். கவர்ச்சியான சம்பளம் என்று எழுதிவிட்டு நேரில் பேசுவதுதான் பாதுகாப்பு.

---

கூட்டுறவுக் கிழவன்

பழைய ஆட்களுக்குக் குறைவாகக் கொடுத்ததுதான் அங்கே நடந்தது, விளம்பரம் அதை வெளியே கொண்டுவந்தது. ஆனாலும் உங்கள் சங்கடம் விளங்குகிறது. என் பக்கத்திலிருந்து பார்த்தால், சம்பளம் இல்லாத விளம்பரத்துக்கு ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர் ஒருநாள் லீவு போட்டு வரமாட்டார். வேலை இல்லாதவர் வருவார். வடிகட்டல் அங்கேயே தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. அடிப்படைச் சம்பளத்தையும் கொடுப்பனவுகளையும் பிரித்து எழுத வேண்டும். ஈ.பி.எஃப். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். 3 வீதம். அடிப்படையைச் சிறிதாக்கி மிச்சத்தை "ஊக்குவிப்பு" என்று காட்டினால் இந்தக் கணக்கு எவ்வளவு சுருங்கும் என்று அனுபவசாலிக்குத் தெரியும். அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

---

துறைமுக வீதி

ஐயா சொல்வது கொள்கையில் சரி. எட்டுப் பேர் வேலை செய்யும் என் இடத்தில் எல்லோருக்கும் ஒரேநாளில் கூட்ட என்னால் முடியாது. அதற்குள் ஆளும் வேண்டும்.

---

நிலாவெளி ஸ்டோர்ஸ்

அப்படியென்றால் "இவ்வளவுக்குக் குறையாது" என்று ஒரு எண்ணையாவது போடலாமே அண்ணா.

---

துறைமுக வீதி

அதை யோசிக்கலாம். ஆனால் சீனன்குடா அண்ணரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நாலு வரிக் கேள்விக்குப் பிறர் பதில் எழுதிக் கொடுத்தால்? இப்போது இங்கேயே விடை வந்துவிட்டது.

---

சீனன்குடாக்காரன்

இந்தக் கேள்வி இனிச் செல்லாது, வேறு எழுத வேண்டும். மழைக்காலத்தைப் பற்றி ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்: வடகீழ்ப் பருவ மழை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது சீமெந்துக் களஞ்சியத்தில் என்னென்ன மாற்றுவீர்கள் என்று. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைப்பது, நிலத்தில் பலகை போடுவது, பழைய பையை முதலில் வெளியேற்றுவது, கூரை ஒழுக்குப் பார்ப்பது எல்லாம் தானாக வர வேண்டும்.

பிறர் எழுதிக் கொடுப்பதற்கு நான் செய்தது ஒன்றுதான். நேர்முகத்தை அலுவலக அறையில் வைக்கவில்லை, களஞ்சியத்துக்குள் வைத்தேன். எழுதிய பதிலை அடுக்குக்குப் பக்கத்தில் நின்று விளக்கச் சொன்னேன். சொந்தமாக எழுதியவர் கை தானாக அடுக்கின் பக்கம் போகும், பேசிக்கொண்டே எண்ணத் தொடங்குவார். மற்றவர் எழுதிய வரிகளையே திருப்பிச் சொல்லுவார்.