ஆஷ் பிரவுன் முன்முடி மட்டும் செம்பு நிறமாகிறது: ஸ்ட்ரைட்டனர்தான் காரணமா?

பொங்கோல்வாசி

வணக்கம். தீபாவளிக்கு முன்னால் சலூனில் ஆஷ் பிரவுன் போட்டுக்கொண்டேன். என் முடி நல்ல கறுப்பு, அடர்த்தி, லேசாகச் சுருள். முகத்தின் இரு பக்கமும் இருக்கும் கற்றைகளை மட்டும் பிளீச் செய்து அதன்மேல் டோனர் வைத்தார்கள். மற்ற இடங்களில் பிளீச் இல்லை, நேராகக் கலர்தான். போட்ட புதிதில் எல்லாம் ஒரே சாம்பல் சாயலில் அழகாக இருந்தது. இப்போது முன்கற்றைகள் இரண்டும் செம்பு நிறத்துக்குப் போய்விட்டன. பின்தலை அப்படியே இருக்கிறது.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் 210 டிகிரியில் ஸ்ட்ரைட்டனர் வைக்கிறேன். எம்ஆர்டி ஏறி இறங்குவதற்குள் முடி மறுபடி சுருண்டுவிடுகிறது. அதனால் மதியம் அலுவலகக் கழிவறையில் முன்பக்கத்தை மட்டும் இன்னொரு முறை இழுத்துவிடுவேன். நீச்சல் குளத்துக்குப் போவதில்லை. ஷாம்பு கலர் முடிக்கென்று விற்கும் சல்ஃபேட் இல்லாத வகை. நிறம் போவதற்குச் சூடுதான் காரணமா? அப்படியானால் எத்தனை டிகிரி வரை வைக்கலாம்?

ஈசூன் அக்கா

சூடுதான்மா, வேறென்ன. சூடு பட்டால் முடியின் மேல்செதில்கள் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் சாயம் வழிந்து போய்விடும். நான் ஸ்ட்ரைட்டனர் வைத்த உடனே குளிர்ந்த தண்ணீர் தெளிப்பேன், செதில்கள் மூடிக்கொள்ளும். ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே மட்டும் மறக்காமல் அடி. அது இருந்தால் 230 வரைகூடக் கவலையில்லை, பாட்டிலிலேயே போட்டிருக்கிறது.

மருதாணிக்கை

எனக்கு நேர் எதிராக நடந்தது. நான் மருதாணி மட்டும்தான் போடுகிறேன். ஸ்ட்ரைட்டனர் வைத்த இடமெல்லாம் கறுத்துப்போய் அடர்ந்த பழுப்பு ஆகிவிட்டது, வெளுக்கவே இல்லை. அதனால் சூட்டினால் நிறம் வெளுக்கும் என்பதை நம்ப முடியவில்லை. உங்களுக்குத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும்.

கத்தரிக்கோல்

கலரிங் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கறுப்பு முடியைப் பிளீச் செய்தால் அது ஒரேயடியாக வெள்ளையாகாது. கறுப்பு போய், பழுப்பு போய், பிறகு ஆரஞ்சில் நிற்கும். இன்னும் ஏற்றினால்தான் மஞ்சள் வரும். உங்கள் முன்கற்றை அநேகமாக ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றிருக்கும். அதன்மேல் நீலமும் ஊதாவும் கலந்த டோனரை வைத்து அந்த ஆரஞ்சை அமுக்கியதால்தான் சாம்பல் சாயல் வந்தது. ஆக, முடியில் புதிதாகச் செம்பு எதுவும் சேரவில்லை. மேலே இருந்த நீலம் போனதும் அடியில் இருந்தது தெரிகிறது. டோனர் மெல்லிய பூச்சு, அதிலும் பிளீச் செய்த முடியில் பிடிப்பு குறைவு. பின்தலையில் பிளீச் இல்லை, சாயமும் முடியின் உள்ளேயே உருவாகித் தங்கியிருக்கிறது. அது தாங்குகிறது.

ஈசூன் அக்கா சொல்வதில் பாதி சரி. அதிகச் சூட்டில் மேல்செதில்கள் வெடித்து ஓரம் சிதைகின்றன, அதன்பின் ஒவ்வொரு ஷாம்புவிலும் சாயம் வேகமாகக் கரைந்து போகும். ஆனால் இன்னொரு பகுதி தகட்டுக்கு அடியிலேயே நடந்துவிடுகிறது: சாய மூலக்கூறுகளே சூட்டில் உடைகின்றன. அப்படி உடைந்ததையோ வெடித்த செதிலையோ குளிர்ந்த தண்ணீரால் சரிசெய்ய முடியாது. அக்கா, இழுத்துவிட்ட முடியில் தண்ணீர் தெளித்தால் அது மறுபடி சுருளும், அதற்காக மறுபடி சூடு வைக்க வேண்டிவரும்.

ஸ்ப்ரே விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். அது சூடு முடிக்குள் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, சமமாகப் பரப்பும், அவ்வளவுதான். 230-ஐ 160 ஆக்கிவிடாது. பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மெஷினை அந்த அளவுக்கு ஏற்றாதீர்கள்.

மருதாணிக்கை, உங்களுடையது வேறு சாயம். மருதாணியின் நிறப்பொருள் முடியின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வது. சூட்டில் அது அடர்ந்து கறுப்பதை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் அனுபவம் உண்மைதான், ஆனால் டோனருக்குப் பொருந்தாது.

பொங்கோல்வாசி, உறுதியாகத் தெரிய ஒரு சோதனை செய்யுங்கள். இடது முன்கற்றையில் விரல் அகலத்துக்கு ஒரு பகுதியைப் பிரித்து அதற்கு மட்டும் சூடு வைக்காமல் விடுங்கள். பக்கத்துப் பகுதிக்கு வழக்கம்போல வையுங்கள். இரண்டுக்கும் ஒரே ஷாம்பு, ஒரே வெயில். இரண்டு வாரம் கழித்து ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். முடி ஆறிய பிறகு பாருங்கள், சில சாயங்கள் சூடாக இருக்கும்போது வேறு மாதிரி தெரிந்து, ஆறியதும் திரும்பிவிடும். அப்புறம், மெஷின் ஆறியதும் தகடுகளை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்து, என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

ஜூரோங் பையன்

ரீபாண்டிங் செய்துவிட்டால் தினமும் சூடு வைக்க வேண்டியதே இல்லையே? என் அக்கா செய்தாள், ஒரு வருடமாக மெஷினைத் தொடவில்லை.

கத்தரிக்கோல்

தம்பி, ரீபாண்டிங்கிலும் மருந்து போட்டபின் உயர்ந்த சூட்டில் ஸ்ட்ரைட்டனர் உண்டு. பிளீச் செய்த முன்கற்றையில் அதைச் செய்தால் முடி ரப்பர் போல இழுபட்டு அறுந்துவிடும். இவர் தலைக்கு வேண்டாம்.

தெம்பனிஸ் லதா

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் 350-இல் வைக்கிறேன், கலர் போட்ட முடிதான், ஒன்றும் ஆகவில்லை.

கத்தரிக்கோல்

லதா, உங்கள் மெஷின் ஃபாரன்ஹீட்டில் காட்டுகிறது. 350 ஃபாரன்ஹீட் என்பது சுமார் 177 செல்சியஸ். நீங்கள் இவரைவிடக் குறைவாகத்தான் வைக்கிறீர்கள், கலர் நிற்பதில் வியப்பில்லை. இரண்டு அளவும் மாறி மாறி வரும் மெஷின்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் C இருக்கிறதா F இருக்கிறதா என்று பாருங்கள்.

பொங்கோல்வாசி

சோதனை செய்து பார்த்தேன். சூடு வைக்காத பகுதியும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனால் மங்கலான பழுப்புதான். சூடு வைத்த பகுதி தெளிவாகச் செம்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். துணியில் பழுப்பாக ஒரு பிசுக்கு வந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். மதியம் இழுக்கும்போது சில நாள் "சுர்ர்" என்று சத்தம் வருகிறது. மழையில் நனைந்த நாள்களில்தான்.

கத்தரிக்கோல்

அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடனே மெஷினை எடுத்துவிடுங்கள். முடிக்குள் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது. வழி இல்லாவிட்டால் உள்ளேயே குமிழ்களை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி பிறகு ஒடியும். நனைந்த முடி உலர்ந்த முடியைவிடக் குறைந்த சூட்டிலேயே சேதமாகும். அதனால் உங்களுக்கு மதிய இழுப்புதான் பெரிய ஆபத்து. காலையில் 210, மதியம் பாதி ஈரத்தில் மறுபடி 210, அதுவும் இருப்பதிலேயே பலவீனமான கற்றையில்.

துணியில் வந்த பிசுக்கு முழுவதும் சாயமில்லை, கருகிய ஸ்ப்ரேயும் எண்ணெயும் அதில் சேர்ந்திருக்கும். அது தகட்டில் இருந்தால் அடுத்த முறை வெளிர் முடியில் மஞ்சளாக ஒட்டும். வாரம் ஒரு முறையாவது ஆறிய தகட்டைத் துடையுங்கள்.

இனிமேல் இப்படிச் செய்து பாருங்கள். பிளீச் செய்த முன்கற்றைக்கு 150-இல் தொடங்குங்கள். முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஸ்ப்ரே அடித்திருந்தால் அதுவும் காய வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் எடுக்காமல், நிற்காமல் ஒரே இழுப்பு. படியவில்லை என்றால் 160. அந்தக் கற்றைக்கு அதற்கு மேல் வேண்டாம். பின்தலை அடர்த்தியானது, அதற்கு 170 முதல் 180 வரை போகலாம். குறைந்த சூடு என்று 150-இல் நான்கு முறை இழுப்பதும் நல்லதல்ல, அதைவிட 160-இல் ஒரே முறை மேல். முன்கற்றையை முதலில் முடித்துவிட்டுப் பின்பக்கத்துக்குச் சூட்டை ஏற்றுங்கள். வரிசை மாறினால் ஏறிய சூட்டோடு முன்பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்.

210 வைத்தால் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் முடி நிற்கும் என்றுதான் பலரும் ஏற்றுகிறார்கள். சூட்டில் வந்த நேரான வடிவத்தைக் காற்றில் இருக்கும் ஈரம் கலைத்துவிடுகிறது, மெஷினில் எண்ணைக் கூட்டினாலும் அந்த ஈரம் உள்ளே போவது நிற்காது. இழுத்த முடி முழுக்க ஆறும்வரை கை வைக்காமல் விட்டு, மேலே ஒரு துளி சிலிக்கோன் சீரம் தடவுங்கள், கொஞ்சம் தாமதமாகச் சுருளும். மதியம் மெஷினுக்குப் பதில் கிளிப் போடுங்கள்.

தெம்பனிஸ் லதா

F தான் போட்டிருக்கிறது, நன்றி. கர்லிங் டாங்ஸுக்கும் இதே அளவுதானா? என் மகளுக்கு நுனி மட்டும் வெளுத்திருக்கிறது.

கத்தரிக்கோல்

அளவு அதேதான், ஆனால் டாங்ஸில் முடி ஒரே இடத்தில் நிற்கிறது. கிளிப்பில் நுனியை முதலில் கவ்விச் சுற்றினால், இருப்பதிலேயே பழைய, பிளீச் அதிகம் கண்ட நுனி கடைசிவரை தண்டோடு ஒட்டியிருக்கும். நடுவில் கவ்விச் சுற்றி, நுனியை வெளியே விட்டு, கடைசி இரண்டு மூன்று விநாடி மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். மொத்தம் எட்டு விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஈசூன் அக்கா

நீல ஷாம்பு போட்டால் இந்தச் செம்பு போகுமா? என் தங்கை ஊதா ஷாம்பு போடுகிறாள்.

கத்தரிக்கோல்

ஊதா மஞ்சளுக்கு, நீலம் ஆரஞ்சுக்கு. இவருக்கு நீலம்தான். ஓரளவு மட்டுப்படுத்தும், முழு ஆஷ் திரும்பாது. மறுபடி டோனர் வைக்க வேண்டியிருக்கும், ஆனால் சூட்டைக் குறைத்துச் சில வாரம் பார்த்த பிறகு வையுங்கள்.

பொங்கோல்வாசி

முன்கற்றை 160-இல் படிகிறது, ஆனால் நெற்றியோரச் சிறு முடிகள் மட்டும் நிற்கவில்லை, அவற்றை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: என் மெஷினில் 160 என்று காட்டும்போது தகடு உண்மையில் 160 தானா? பழைய மெஷின், யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?