புதுப்பிப்பு: பற்றவைத்த 8 ஜிபியுடன் 16 ஜிபி ரேம்

என் கேள்வி: “கேமிங் மடிக்கணினியின் 16 ஜிபி ரேமை 32 ஆக்கலாமா? டாஸ்க் மேனேஜர் Slots used: 2 of 2 என்கிறது.”

உதவிய அனைவருக்கும் நன்றி. இரண்டு ரேம்களையும் கழற்றி மாற்றச் சொன்ன நண்பர் பாதிதான் சரி. அடிமூடியைத் திறந்தபோது கழற்றக்கூடிய ரேம் ஒன்றே இருந்தது, மற்ற 8 ஜிபி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஒரு ஸ்லாட்டாகக் கணக்கிடப்பட்டிருந்தது. “முதலில் திறந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்” என்ற மூத்தவரின் யோசனையே பணத்தைக் காத்தது. 8 ஜிபியைக் கழற்றி அதே டிடிஆர்4 வகையில் 16 ஜிபி பொருத்தியதில், மொத்தம் 24 ஜிபி ஆனது.

எதிர்பாராதது, முதல் முறை இயக்கியதும் திரை சற்று நேரம் இருண்டே கிடந்தது. பதறிக் கழற்றாமல் காத்திருந்தேன், தானே வந்தது. இரட்டைச் சேனல் வேகம் முதல் 16 ஜிபிக்கு மட்டுமே, எஞ்சிய 8 ஒற்றைச் சேனலில்தான். விளையாட்டில் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. 32 ஜிபி ரேம் பொருத்தி 40 ஆக்கினால் எப்படியோ, சோதிக்கவில்லை. எஸ்எஸ்டி பற்றிக் கேட்டவருக்கு: காலியான எம்.2 இடம் என்னுடையதில் உண்டு, ஆனால் பழைய சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியை அது அடையாளம் காணவில்லை.